ஒரு மேலாளரின் ஒரு நாள்: பத்துப் பங்குகளை வைத்து அதைப் படிப்பது எப்படி?

மேலாண்மை படிக்கும் மாணவர்களுக்கு அடிக்கடி தரப்படும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு மேலாளரை ஒரு நாள் முழுக்கக் கவனித்து, அவர் செய்ததை மேலாண்மை ஆய்வாளர் மின்ட்ஸ்பெர்க் சொன்ன பத்துப் பங்குகளின்படி ஆராய வேண்டும். வந்து சேரும் விடைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கும். பத்துத் தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எடுத்துக்காட்டு. ஊழியரைப் பாராட்டினார், ஆகவே தலைவர். தொலைபேசியில் பேசினார், ஆகவே தொடர்பாளர்.

இதில் ஆய்வு எதுவும் நடக்கவில்லை. அந்த நாளில் எது எதற்குக் காரணமாக இருந்தது, காலை நடந்த ஒரு சிறு பேச்சு மாலை எடுத்த முடிவை எப்படி மாற்றியது என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் காணாமல் போய்விடுகின்றன. மின்ட்ஸ்பெர்க் பங்குகளை வகுத்ததே அந்தத் தொடர்பைக் காட்டத்தான். வகுப்பில் 'ரோல்' என்று சொல்வதைத்தான் இங்கே பங்கு என்கிறேன். ஒரு பதவியில் இருப்பவர் ஒரு நேரத்தில் ஏற்றுச் செய்யும் ஒருவகை நடத்தை என்பது அதன் பொருள்.

## ஏன் புதிதாக ஒரு பகுப்பு தேவைப்பட்டது?

பிரான்ஸ் நாட்டுச் சுரங்கப் பொறியாளர் ஆன்றி ஃபயோல் 1916இல் நிர்வாகத்தின் வேலையை ஐந்தாகப் பிரித்தார்: திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல். பாடப்புத்தகங்கள் இன்றும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. இந்தப் பகுப்பில் தவறில்லை. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மேலாளரின் அறையில் போய் உட்கார்ந்தால் சிக்கல் தெரியும். அவர் நான்கு நிமிடம் தொலைபேசியில் பேசுகிறார். அது திட்டமிடலா, ஒருங்கிணைத்தலா, கட்டுப்படுத்தலா? மூன்றும்தான் என்றும் சொல்லலாம், எதுவுமில்லை என்றும் சொல்லலாம். ஃபயோலின் சொற்கள் மேலாண்மை எதை அடைய வேண்டும் என்பதைச் சொல்கின்றன. மேலாளர் அந்த நிமிடத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை அவை காட்டுவதில்லை.

கனடாவைச் சேர்ந்த ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 1960களின் இறுதியில், முனைவர் பட்டத்துக்காக, இந்த இடைவெளியைப் பிடித்தார். ஐந்து நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் என்று அருகிலிருந்து கவனித்து, அவர்கள் செய்த ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். அது 1973இல் நூலாகவும் 1975இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையாகவும் வெளிவந்தது. அவர் கண்டதில் இரண்டு செய்திகள் நமக்குத் தேவை. அவர்களுடைய செயல்களில் பாதி ஒன்பது நிமிடத்துக்கும் குறைவாகவே நீடித்தன. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒன்றுதான். நேரத்தில் 78 விழுக்காடு பேச்சில் போனது. அமைதியாக அமர்ந்து திட்டம் தீட்டுபவர் என்ற படம் அங்கே பொருந்தவில்லை.

இதுவரை: ஃபயோல் மேலாண்மையின் நோக்கங்களைச் சொன்னார். மின்ட்ஸ்பெர்க் நேரில் பார்க்கக்கூடிய நடத்தையைச் சொன்னார். ஒரு நாளை ஆராய இரண்டாவதுதான் உதவும்.

## வீடு மாற்றும் நாளை நினைத்துப் பாருங்கள்

ஒரு குடும்பம் வீடு மாறுகிறது. அக்கா பொறுப்பெடுத்துக்கொள்கிறாள். பொறுப்பு அவளிடம் என்று எல்லாருக்கும் தெரிந்ததும் மூன்று விஷயங்கள் நடக்கின்றன. விடைபெற வரும் அண்டை வீட்டார் அவளைத் தேடி வருகிறார்கள். முகம் சுளிக்கும் தம்பியைச் சமாதானப்படுத்தி வேலை வாங்குவது அவள் தலையில் விழுகிறது. புது வீட்டுக் காவலாளியிடம் அவள்தான் பேசுகிறாள்.

இப்படி ஆட்களோடு பழகுவதால் செய்திகள் அவளிடம் வந்து குவிகின்றன. பன்னிரண்டு மணிக்கு மேல் லிஃப்ட் ஓடாது என்று காவலாளி சொல்கிறார். கண்ணாடிப் பாத்திரங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பது தம்பிக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்து தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். அதனால்தான் "பீரோவை முதல் நடையிலேயே ஏற்றுங்க, பெட்டிகள் அப்புறம்" என்ற முடிவை அவளால் எடுக்க முடிகிறது.

பொறுப்பு, அதனால் ஆட்கள், ஆட்களால் செய்தி, செய்தியால் முடிவு. மின்ட்ஸ்பெர்க்கின் கருத்தின் முதுகெலும்பு இந்த வரிசைதான். பத்துப் பெயர்கள் அதற்குப் பிறகு வருபவை.

## மூன்று தொகுதிகள், பத்துப் பங்குகள்

ஒருவருக்கு ஒரு பிரிவின்மீது முறையான அதிகாரம் கிடைக்கும்போது முதலில் வருபவை ஆளிடைப் பங்குகள். மனிதர்களோடு உறவு வைப்பது இவற்றின் வேலை. பதவியின் பெயரால் சடங்குக் கடமைகளைச் செய்யும்போது அவர் *அடையாளத் தலைவர்*. தன் பிரிவு ஆட்களை ஊக்குவித்து, பழக்கி, சேர்த்துக்கொள்ளும்போது *வழிநடத்துபவர்*. தன் பிரிவுக்கு வெளியே இருப்பவர்களோடு உறவைப் பேணும்போது *தொடர்பாளர்*.

அந்த உறவுகள் வழியே தகவல் பங்குகள் பிறக்கின்றன. செய்தியைத் தேடிச் சேர்க்கும்போது *தகவல் திரட்டுபவர்*. அதைத் தன் பிரிவுக்குள் கொண்டுசேர்க்கும்போது *தகவல் பரப்புபவர்*. பிரிவின் சார்பில் வெளியாருக்குச் சொல்லும்போது *சார்பில் பேசுபவர்*.

அதிகாரமும் செய்தியும் ஒருவரிடம் சேர்வதால் முடிவுப் பங்குகள் அமைகின்றன. தானாக முன்வந்து ஒரு மாற்றத்தைத் தொடங்கினால் *மாற்றம் தொடங்குபவர்*. எதிர்பாராத நெருக்கடிக்கு ஈடுகொடுத்தால் *இடையூறு கையாள்பவர்*. ஆள், நேரம், பணம், கருவி யாருக்கு எவ்வளவு என்று முடிவெடுத்தால் *வளம் பங்கிடுபவர்*. வெளித்தரப்போடு கொடுத்து வாங்கி ஓர் உடன்பாட்டுக்கு வந்தால் *பேச்சுவார்த்தையாளர்*.

இரண்டு பெயர்களை மட்டும் நான் வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். தகவல் திரட்டுபவரைப் பல குறிப்புகள் 'கண்காணிப்பாளர்' என்கின்றன. உடனே மாணவர்கள், ஊழியர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதை அதில் எழுதிவிடுகிறார்கள். மின்ட்ஸ்பெர்க் சொன்னது சூழலைத் துழாவிச் செய்தி சேர்ப்பதை. அதேபோல் மாற்றம் தொடங்குபவரைத் 'தொழில்முனைவர்' என்று எழுதினால் சொந்தத் தொழில் நடத்துபவர் என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. இங்கே சொந்தத் தொழிலுக்கு வேலையே இல்லை. நடந்துகொண்டிருக்கும் ஒன்றை மேம்படுத்தத் தானே முனைவதுதான் விஷயம். உங்கள் பாடப்புத்தகம் அந்தப் பெயர்களைக் கையாண்டால் விடைத்தாளில் அவற்றையே எழுதுங்கள். பொருளை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

## எல்லைக்கோட்டை முதலில் போடுங்கள்

குறிப்பெடுக்கத் தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலானோர் தவறவிடுவதும் அதைத்தான். இந்த மேலாளரின் 'பிரிவு' எது, எங்கே முடிகிறது என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். பத்தில் நான்கு பங்குகள் உள்ளே, வெளியே என்ற வேறுபாட்டை நம்பித்தான் நிற்கின்றன. தகவல் உள்ளே போனால் பரப்புதல், வெளியே போனால் சார்பில் பேசுதல். உறவு உள்ளே என்றால் வழிநடத்தல், வெளியே என்றால் தொடர்பாளர் பங்கு.

எல்லை என்பது நிறுவனத்தின் எல்லை அல்ல. நாம் கவனிப்பது சரக்கு அனுப்பும் பிரிவின் மேலாளரை என்றால், பக்கத்து அறையில் இருக்கும் இயந்திரப் பராமரிப்புப் பிரிவும் 'வெளியே'தான். அவருடைய மேலதிகாரியும் வெளியேதான். மேலதிகாரிக்கு அறிக்கை தருவது சார்பில் பேசுதல். இதைப் பரப்புதல் என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

## குறிப்பேட்டில் என்ன இருக்க வேண்டும்?

ஐந்து பத்திகள் போதும்: தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், யாரோடு, எந்த வழியில் (நேரில், தொலைபேசி, எழுத்து, சுற்றிப்பார்த்தல்), எதற்காக. பங்கின் பெயருக்கு ஒரு பத்தியைக் காலியாக விட்டுவைக்கலாம். ஆனால் கவனிக்கும் நாளில் அதை நிரப்பக் கூடாது. நிரப்ப ஆரம்பித்தால், உங்கள் கண் பட்டியலில் இன்னும் வராத பங்கைத் தேட ஆரம்பித்துவிடும்.

ஒரு செயல் எங்கே முடிகிறது? ஆள் மாறினாலோ, பேசும் பொருள் மாறினாலோ, வழி மாறினாலோ புது வரி போடுங்கள். கடிதம் படிக்கும்போது ஒருவர் உள்ளே வந்தால், படித்தது அங்கே முடிகிறது. வந்தவரோடு பேசியது புது வரி. திரும்பப் படிக்கப் போனால் அதற்கு இன்னொரு வரி. இப்படிச் செய்யாவிட்டால் குறுக்கீடுகள் எல்லாம் 'அலுவலக வேலை, 40 நிமிடம்' என்ற ஒரு வரிக்குள் புதைந்துவிடும்.

மேலாளரையே நாட்குறிப்பு எழுதச் சொல்வது எளிதாகத் தெரியும். ஆனால் மாலையில் நினைவிலிருந்து எழுதுபவர் கூட்டங்களை எழுதுவார். நடைபாதையில் நின்று பேசிய மூன்று நிமிடத்தை விட்டுவிடுவார். நாம் பிடிக்க வேண்டியது பெரும்பாலும் அந்த மூன்று நிமிடம்தான். அருகில் இருந்து எழுதுவதிலும் ஒரு குறை உண்டு. நீங்கள் இருப்பதாலேயே சிலர் சிலவற்றைப் பேச மாட்டார்கள். ஒருவரின் சொந்த விஷயம் பேசப்படும்போது வெளியே போய்விடுங்கள். 'தனிப்பட்ட பேச்சு, 7 நிமிடம்' என்று மட்டும் குறித்து, பொதுவான நோக்கத்தை மேலாளரிடம் பின்னர் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை: எல்லையை எழுதுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது வரி போடுங்கள், பங்கின் பெயரைக் கடைசியில் வையுங்கள்.

## ஒரு காலைப் பொழுது

பயிற்சிக்காக அமைத்த ஒரு மாதிரி நாளை எடுத்துக்கொள்வோம். மேலாளர் ஒரு பொருள் கிடங்கின் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்க்கிறார். அவருக்குக் கீழே 24 பேர், இரண்டு பொதியும் வரிசைகள். அன்று மாலைக்குள் ஆறு லாரிகள் கிளம்ப வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தின் குறிப்பு இது.

| எண் | நேரம் | நிமிடம் | நடந்தது |
|---|---|---|---|
| 1 | 8:30 | 8 | தளத்தைச் சுற்றி வருகிறார். இரவுப் பணி மேற்பார்வையாளரிடம் என்ன முடிந்தது, என்ன மிச்சம் என்று கேட்கிறார் |
| 2 | 8:38 | 7 | நோய் விடுப்பு முடிந்து திரும்பியவரிடம் பேசுகிறார். ஒரு வாரம் இலகுவான வேலை தருகிறார் |
| 3 | 8:45 | 15 | நான்கு மேற்பார்வையாளர்களோடு நின்றபடி கூட்டம். தலைமையகத்தின் புது அனுப்பீட்டு விதியை விளக்குகிறார் |
| 4 | 9:00 | 4 | லாரி நிறுவனப் பொறுப்பாளர் அழைக்கிறார். இரண்டு லாரிகள் வராமல் போகலாம் என்கிறார் |
| 5 | 9:04 | 18 | மின்னஞ்சல், முந்தைய நாள் அறிக்கைகள் படிக்கிறார் |
| 6 | 9:22 | 3 | இருவருக்குக் கூடுதல் நேர வேலைக்கான படிவத்தில் ஒப்புதல் தருகிறார் |
| 7 | 9:25 | 16 | இரண்டாம் வரிசையின் லேபிள் அச்சு இயந்திரம் நின்றுவிட்டது; அங்கே போய்ப் பார்க்கிறார், வரிசையை நிறுத்துகிறார் |
| 8 | 9:41 | 5 | பராமரிப்பு மேலாளரிடம் தொலைபேசியில்; பத்து மணிக்குத் தொழில்நுட்பர் வருவார், பதிலுக்கு மதியம் ஒரு சரக்கு மேடையை இரண்டு மணி நேரம் அவர்களுக்கு விட்டுத்தர வேண்டும் |
| 9 | 9:46 | 12 | ஐந்து பேரை முதல் வரிசைக்கு மாற்றுகிறார். உறுதியாக வரும் நான்கு லாரிகளுக்கான பொதிகள் முதலில் என்று முடிவு செய்கிறார் |
| 10 | 9:58 | 7 | ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து அழைப்பு. 80 பெட்டிகள் இன்று, 40 நாளைக் காலை என்று சொல்கிறார் |
| 11 | 10:05 | 20 | இரு மேற்பார்வையாளர்களோடு பேச்சு. லேபிள்களை முந்தைய மாலையே அச்சிட்டு வைக்கும் சோதனையை அடுத்த வாரம் தொடங்க முடிவு |
| 12 | 10:25 | 5 | லாரிச் செய்தியையும் புது வரிசைமுறையையும் ஏற்றும் குழுவிடம் சொல்கிறார் |

## பெயர் வைக்கும்போது எங்கே தடுமாறுவீர்கள்?

சில வரிகள் எளியவை. 3உம் 12உம் தகவல் பரப்புதல், 5 தகவல் திரட்டல், 10 சார்பில் பேசுதல். மற்றவற்றில்தான் யோசனை தேவை. அதற்கு ஒரே ஒரு கேள்வியைக் கைப்பிடியாக வைத்துக்கொள்ளலாம்: இந்தச் செயல் முடிந்தபோது எது மாறியிருந்தது? ஓர் உறவா, யாரோ ஒருவருக்குத் தெரிந்த செய்தியா, இனி நடக்கப்போகும் ஒரு செயலா? வெளித்தோற்றம் பேச்சாகவோ நடையாகவோ இருக்கலாம். அதை வைத்துப் பெயர் சூட்டக் கூடாது.

முதல் வரியில் அவர் தளத்தைச் சுற்றி வருகிறார். வணக்கம் சொல்கிறார், சிரிக்கிறார். வழிநடத்தல் என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த எட்டு நிமிடத்தின் முடிவில் மாறியது அவருக்குத் தெரிந்த செய்தி. ஆகவே தகவல் திரட்டல் முதன்மை, வழிநடத்தல் துணை. இரண்டாம் வரி நேர்மாறு. அங்கே ஓர் ஆளுக்கு வேலை ஒதுக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்தப் பேச்சு நடந்ததே அவர் நலமாகத் திரும்பி வேலையில் பொருந்த வேண்டும் என்பதற்காக. வழிநடத்தல் முதன்மை, வளம் பங்கிடல் துணை.

நான்காவது வரி கடினமானது. வெளியாள் ஒருவர் செய்தி தந்தார். தொடர்பாளரா, தகவல் திரட்டுபவரா? நான் தொடர்பாளர் என்றே குறிப்பேன். மேலாளர் கேள்வி கேட்கவில்லை, எதையும் தேடவில்லை. முன்பே பேணி வைத்த உறவு தானாக வேலை செய்தது. மற்றவர் தகவல் திரட்டல் என்று வைத்தால் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணத்தை ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டும். அதே காரணத்தை நாள் முழுக்க ஒரே மாதிரி கையாண்டிருக்க வேண்டும்.

எட்டாவது வரியிலும் வெளியாளோடுதான் பேச்சு. ஆனால் அங்கே ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினார்கள். அதனால் பேச்சுவார்த்தை. தொழில்நுட்பரை அனுப்பும்படி கேட்டு, அவரும் சரி என்று சொல்லியிருந்தால் அது தொடர்பாளர் பங்கோடு நின்றிருக்கும்.

ஏழாவது வரியையும் பதினோராவது வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் அதே லேபிள் அச்சைப் பற்றியவை. இயந்திரம் நின்றதும் ஓடியது இடையூறு கையாளல். அவருக்கு வேறு வழியில்லை. லேபிளை முந்தைய மாலையே அச்சிடலாம் என்ற சோதனையை இன்று பேசாமல் இருந்திருந்தால் யாரும் வந்து கதவைத் தட்டியிருக்க மாட்டார்கள். ஆகவே மாற்றம் தொடங்கல். இந்தக் கதவுச் சோதனை பெரும்பாலும் தெளிவான விடை தரும்.

6, 9 இரண்டும் வளம் பங்கிடல். மூன்று நிமிடத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டதையும் முடிவு என்று எழுதலாமா என்று சிலர் தயங்குவார்கள். ஒப்புதல் தருவதும் வளத்தைப் பங்கிடும் முக்கிய வழிதான். அந்தக் கையெழுத்து இல்லாமல் இருவரின் மாலை நேரம் இந்தப் பிரிவுக்குக் கிடைத்திருக்காது.

இந்தக் காலையில் அடையாளத் தலைவர் வரவே இல்லை. அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பத்தும் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வராத பங்கை வலிந்து நிரப்பினால் மற்ற வரிகளின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

இதுவரை: ஒவ்வொரு வரிக்கும் ஒரு முதன்மைப் பங்கு, தேவையென்றால் ஒரு துணைப் பங்கு, ஐயம் இருந்தால் ஒரு வரிக் காரணம்.

## எண்ணுவதில் இரண்டு வழிகள், இரண்டு விடைகள்

முதன்மைப் பங்கை மட்டும் கணக்கில் எடுப்போம். ஆளிடைத் தொகுதியில் இரண்டு செயல்கள், 11 நிமிடம். தகவல் தொகுதியில் ஐந்து செயல்கள், 53 நிமிடம். முடிவுத் தொகுதியில் ஐந்து செயல்கள், 56 நிமிடம். மொத்தம் 12 செயல்கள், 120 நிமிடம், கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை வைத்தால் ஆளிடைப் பங்குகள் 9 விழுக்காடு. எண்ணிக்கையை வைத்தால் 17. எது சரி? இரண்டும்தான், அவை சொல்வது வேறு வேறு. நிமிடம் அவருடைய நாள் எதில் கரைந்தது என்பதைக் காட்டும். எண்ணிக்கை அவர் எத்தனை முறை ஒரு பங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார் என்பதைக் காட்டும். இரண்டையும் எழுதுங்கள்.

துணைப் பங்குகளுக்கும் நிமிடம் கொடுத்தால் மொத்தம் 120ஐத் தாண்டிவிடும். அதைத் தவிர்க்கச் சிலர் எட்டு நிமிடத்தில் ஐந்து இதற்கு, மூன்று அதற்கு என்று பிரிப்பார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு பங்கும் இருக்கும்போது அந்த ஐந்தும் மூன்றும் வெறும் ஊகம். துணைப் பங்கு எத்தனை வரிகளில் வந்தது என்று மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பன்னிரண்டு செயல்களில் ஏழு ஒன்பது நிமிடத்துக்கும் குறைவானவை. மின்ட்ஸ்பெர்க் கண்ட துண்டுதுண்டான நாள் இங்கேயும் தெரிகிறது. மின்னஞ்சல் படித்த 18 நிமிடம் தானாக முடியவில்லை, படிவம் கொண்டுவந்தவரால் முடிந்தது.

## எண்களை விட்டு, இழையைப் பிடியுங்கள்

ஆளிடைப் பங்குகளுக்கு 9 விழுக்காடுதான், ஆகவே அவை இந்த மேலாளருக்குப் பெரிதல்ல என்று எழுதும் மாணவர் கணக்கில் சரி, ஆய்வில் தவறு. ஏன் என்பதை நான்காவது வரி காட்டும்.

அந்த நான்கு நிமிட அழைப்பை நாளிலிருந்து எடுத்துவிடுங்கள். லாரிச் செய்தி மதியம் லாரி வராதபோதுதான் தெரியவரும். அதற்குள் பொதிகள் ஆறு லாரிகளுக்கும் பரவலாகக் கட்டப்பட்டிருக்கும். எந்த லாரிக்கும் முழுச் சுமை தயாராகியிருக்காது. அழைப்பு வந்ததால்தான் ஒன்பதாவது வரியில் நான்கு லாரிகள் முதலில் என்ற முடிவு சாத்தியமானது. அந்த முடிவு எடுக்கப்பட்டிருந்ததால்தான் பத்தாவது வரியில் வாடிக்கையாளரிடம் '80 இன்று, 40 நாளை' என்று எண்ணோடு சொல்ல முடிந்தது. பன்னிரண்டாவது வரியில் அது ஏற்றும் குழுவுக்கும் போய்ச் சேர்ந்தது.

4, 9, 10, 12: தொடர்பாளர், வளம் பங்கிடுபவர், சார்பில் பேசுபவர், தகவல் பரப்புபவர். ஆள், செய்தி, முடிவு என்ற வரிசை ஒருமுறை ஓடி, முடிவிலிருந்து மறுபடியும் செய்தியாக வெளியே போகிறது. இந்தச் சங்கிலியை விடைத்தாளில் ஓர் அம்புக்குறிப் படமாகப் போட்டால், பத்துத் தலைப்புகளைவிட அதிகம் சொல்லும்.

இதே இழையில் பலவீனத்தையும் காணலாம். லாரிச் செய்தி தந்த அழைப்பு 9:04க்கு முடிந்தது. செய்தி ஏற்றும் குழுவுக்குப் போனது 10:25க்கு. இடையில் 81 நிமிடம், ஏழு செயல்கள். அந்த நேரம் முழுக்கச் செய்தி அவர் ஒருவரிடமே இருந்தது. அவர் வேறெங்காவது மாட்டிக்கொண்டிருந்தால் குழு பழைய வரிசையிலேயே ஏற்றியிருக்கும். வாயால் வரும் செய்தி மேலாளரின் தலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, அதனால் வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது அவருக்குக் கடினமாகிறது என்று மின்ட்ஸ்பெர்க் சுட்டிய சிக்கல் இதுதான். இங்கே ஆய்வு செய்பவர் ஒரு கேள்வியை எழுப்பலாம்: ஒன்பதே காலுக்கு ஒரு மேற்பார்வையாளரிடம் ஒரு வரி சொல்லியிருக்க முடியாதா?

## ஒரு நாள் எவ்வளவு சொல்லும்?

அதே மாதிரி நாளை மாலை 5:30 வரை நீட்டுவோம். உணவு இடைவேளை முப்பது நிமிடம், எந்தப் பங்கிலும் சேராத நேரம் முப்பது நிமிடம் போக மிச்சம் 480 நிமிடம். ஆளிடைப் பங்குகள் 92 நிமிடம், தகவல் 218, முடிவு 170. விழுக்காட்டில் 19, 45, 35. முழு எண்ணாக்கியதால் ஒன்று குறைகிறது. காலையில் 47 விழுக்காடாக இருந்த முடிவுத் தொகுதி நாள் முழுவதற்கும் 35 ஆகிவிட்டது. நான்கு மணிக்கு நீண்ட காலம் பணியாற்றிய ஒருவருக்குச் சான்றிதழ் வழங்கினார். அடையாளத் தலைவர் அங்கே வந்தார்.

இரண்டு மணி நேரத்தை வைத்து நாளைச் சொல்ல முடியவில்லை என்றால், ஒரு நாளை வைத்து அந்த மேலாளரைச் சொல்ல முடியாது என்பதும் விளங்கும். மாதக் கடைசி, கணக்கெடுப்பு நாள், ஆட்சேர்ப்பு வாரம் என்று ஒவ்வொன்றும் வேறு படம் தரும். கவனித்த நாள் வழக்கமானதா என்று மேலாளரிடம் கேட்டு, பதிலை விடையில் எழுதுங்கள்.

வேலையின் வகையும் கணக்கில் வர வேண்டும். விற்பனை மேலாளர்கள் ஆளிடைப் பங்குகளிலும், உற்பத்தி மேலாளர்கள் முடிவுப் பங்குகளிலும், ஆலோசனைப் பிரிவு மேலாளர்கள் தகவல் பங்குகளிலும் ஒப்பளவில் கூடுதல் நேரம் செலவிடுவதாக மின்ட்ஸ்பெர்க் எழுதினார். ஆகவே இரு மேலாளர்களின் விழுக்காடுகளைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் மற்றவரைவிட 'நல்ல வழிநடத்துபவர்' என்று சொல்வது செல்லாது. பங்குகள் என்ன செய்தார் என்பதைச் சொல்லும். எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதைச் சொல்லாது. ஏழு நிமிடத்தில் ஒருவரை நல்ல முறையில் வேலைக்குத் திரும்ப வைக்கவும் முடியும், அவர் மனம் வெறுக்கும்படி பேசவும் முடியும். குறிப்பேட்டில் இரண்டும் 'வழிநடத்தல், 7' தான்.

அடிப்படை ஆய்வே ஐந்து தலைமை நிர்வாகிகளை வைத்து நடந்தது என்பதையும் மறக்க வேண்டாம். கீழ்நிலை மேலாளர் ஒருவரின் நாள் அவர்களுடைய நாளைப் போலவே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள். வேறுபாடு தெரிந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். நம் மாதிரியில் காலை முழுக்க ஒரே ஒரு வரி, அதுவும் நான்கு நிமிடம், தொடர்பாளர் பங்கில் நிற்கிறது. தலைமை நிர்வாகிகளோ வெளியாட்களோடும் சகநிலையினரோடும் செலவிட்ட நேரம், கிட்டத்தட்ட தங்கள் கீழ்ப்பணியாளர்களோடு செலவிட்ட அளவுக்கே இருந்தது. நீங்கள் கவனித்த மேலாளருக்கு வெளித்தொடர்பு ஏன் குறைவு என்று கேளுங்கள். பதவி அதை அனுமதிக்கவில்லையா, அல்லது அன்று இயந்திரம் நின்றதால் அதற்கு நேரம் கிடைக்கவில்லையா? 'யாரோடு' என்ற பத்தியை மறுபடி மேலிருந்து கீழே படித்தால், விடையின் பாதி அங்கேயே கிடைக்கும்.